ஆராயி காணும் கனவு

பரமத்தி ரோட்டில் அன்புவின் ஸ்டுடியோ ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. கல்யாண வீடியோ வெட்டிக் கோர்ப்பதுதான் அவன் பிழைப்பு. ஆனால் மூன்று மாதமாக அக்சிலியாவும் அவனும் சேர்ந்து பதினான்கு நிமிடக் குறும்படம் ஒன்றுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்சிலியா பள்ளிக்கூட டீச்சர். படத்தை இயக்கப்போவது அவள்தான்.

கதை சின்னது. ஆராயி என்ற பெண் கோழிப்பண்ணையில் முட்டை பிரித்து அடுக்குகிறவள். புருஷன் கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவன். அவனிடம் ஏதோ மறைவு இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றுகிறது. கேட்க வாய் வரவில்லை. கடைசியில் கேட்கிறாள். அவ்வளவுதான்.

கேட்காதவள் எப்படிக் கேட்கிறவளாக மாறுகிறாள் என்கிற இடத்தில் கதை நின்றுபோயிருந்தது. அங்கே ஒரு கனவு வைக்கலாம் என்று அன்பு சொன்னான். எழுதியும் கொண்டுவந்தான். ஜேடர்பாளையம் தடுப்பணை, அத்தனை மதகிலும் தண்ணீர், சிவப்புச் சேலையில் ஆராயி ஓடுகிறாள், மேலேயிருந்து டிரோன் பார்க்கிறது.

அக்சிலியா தாளை மடக்கி மேசையில் வைத்தாள்.

"இது யாரு கண்ட கனவு அன்பு? ஆராயி கண்டதா, உன்ர டிரோன் கண்டதா?"

"ஏனுங்கக்கா, பாக்க நல்லாருக்குமுங்க."

"நல்லாத்தான் இருக்கும். அவ தடுப்பணைக்கே போனதில்லையே. படத்துல அதுவரைக்கும் தண்ணியே வரல. எங்கிருந்து கனவுல வருது? இதைத் தூக்கிட்டாலும் மறுநாள் அவ அதையேதான் செய்வா. அப்புறம் இது எதுக்கு?"

அன்பு தலையைச் சொறிந்தான். அவளே மேலே சொன்னாள்: பகலில் ஆராயியின் கண்ணில் பட்டு, மனசு வேண்டாமென்று தள்ளிவிட்ட ஏதாவது ஒன்றுதான் கனவில் வரவேண்டும். படம் பார்க்கிறவர்களும் அந்த ஒன்றை முன்னாடியே பார்த்திருக்க வேண்டும், ஆனால் கவனித்திருக்கக் கூடாது. விழித்ததும் அவள் எழுந்து போய் ஒரு காரியம் செய்யவேண்டும். புகை வேண்டாம், எதிரொலி வேண்டாம், மற்ற காட்சிகளை எடுத்த மாதிரியே எடுக்கவேண்டும். ஒரே ஒரு பொருள் மட்டும் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால் போதும்.

அடுத்த சனிக்கிழமை அன்பு புதிதாக எழுதிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். அது அவளுக்கு அப்போதே உறுத்தியது.

மூன்றாம் காட்சியில் புருஷன் லாரியிலிருந்து இறங்கி டிபன் பாக்ஸைக் கொடுக்கிறான். ஆராயி வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறாள். ஏழாம் காட்சியில், முட்டைக் கிடங்கில், எப்போதும்போல முட்டை அட்டைகளை எடுத்து அடுக்குகிறாள். ஒரு அட்டையைத் தூக்கினால் அடியில் அதே டிபன் பாக்ஸ். திறக்கிறாள். கழுவித் துடைத்து, ஈரம்கூட இல்லாமல் இருக்கிறது. அங்கே கனவு முடிகிறது. விழித்தவள் நேராக அலமாரிக்குப் போய் நிஜப் பாக்ஸைத் திறந்து பார்க்கிறாள். அதுவும் கழுவியிருக்கிறது. ஒருநாளும் பாத்திரம் கழுவாத மனுஷன். எங்கேயோ யாரோ கழுவிக் கொடுத்திருக்கிறார்கள்.

அக்சிலியா இரண்டு முறை படித்தாள். இதைவிட நன்றாக எழுத முடியாது என்று தெரிந்தது. தாளை மடக்கப் போனவள் மறுபடி அந்தக் கடைசி வரிக்கே வந்தாள்.

அவள் புருஷன் டோனி லாரி பாடி கட்டும் பட்டறையில் ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறவன். அவன் கொண்டுவரும் டிபன் பாக்ஸில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கும். தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் தேய்ப்பாள். கடைசியாக ஊறவைத்தது எப்போது? யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. மூன்று வாரம் இருக்கும். கழுவின பாக்ஸைத்தான் மறுபடி கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். கண் பார்த்திருக்கிறது, கை தொட்டிருக்கிறது. இந்தத் தாளைப் படிக்கிறவரை அது அவளுக்குத் தெரியவில்லை.

"இது எப்படித் தோணுச்சு உனக்கு?"

"சும்மாதானுங்க."

"சும்மாவா?"

"ஆமாங்கக்கா." மவுஸை எடுத்தான், வைத்தான். "நல்லாலீங்களா?"

"நல்லாருக்கு" என்றாள்.

வீட்டில் டோனி எப்போதும்போல் ஏழு மணிக்கு வந்தான். சட்டையை வாங்கும் சாக்கில் முகர்ந்து பார்த்தாள். பெயிண்ட் வாடை இல்லை. கல்யாணமான ஒன்பது வருஷமாக அந்த வாடையோடுதான் அவன் வீட்டுக்குள் வருவான்; அது எப்போது நின்றது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. "சாப்பிடறீங்களா?" என்றுதான் கேட்டாள்.

இரண்டு நாள் அப்படியே போனது. யார் கழுவுகிறார்கள் என்று மனசு ஒவ்வொரு முகமாக நிறுத்திப் பார்த்தது. பட்டறைக்கு எதிரே மெஸ் நடத்துகிற பெண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை. அன்புவுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் எதிலும் பொருந்தவில்லை. அவன் டோனியின் கூட்டாளியே தவிர, பட்டறைப் பக்கம் போகிறவன் இல்லை. அப்படியானால் பாக்ஸ் அவன் கண்ணில் பட்ட இடம் எது?

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஒரு மணிக்கு ஸ்டுடியோ மாடிப்படி ஏறினாள். படியிலேயே இருமல் கேட்டது. தெரிந்த இருமல். உள்ளே போனபோது டோனி குழாயடியில் நின்று டிபன் பாக்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"மூடுங்க குழாயை" என்றாள்.

மூச்சு வாங்குகிறது என்று ஒரு மாதம் முன்பு டோனி டாக்டரிடம் போயிருக்கிறான். இனிமேல் பெயிண்ட் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். பட்டறையிலிருந்து நின்றுவிட்டான். வீட்டில் சொல்ல முடியாமல், காலையில் கிளம்பி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான். இது கல்யாண ஆல்பம் வாங்க ஆட்கள் வருகிற இடம்; எச்சில் பாத்திரம் கிடக்கக்கூடாது என்று கழுவி வைத்திருக்கிறான்.

"எங்கிட்டச் சொன்னா என்னங்க?"

"நீ பயப்படுவியேன்னுதான்."

"இப்பப் பயப்படலையா?"

அவள் அன்புவின் பக்கம் திரும்பினாள். "நீ எனக்குத் தெரியட்டும்னு எழுதினியா, கதைக்குன்னு எழுதினியா?"

"சொல்ல மாட்டேன்னு அண்ணனுக்குச் சத்தியம் பண்ணிட்டனுங்க" என்றான் அன்பு. "எழுதறப்போ சத்தியமா இந்த நெனப்பே இல்லீங்க. நீங்க சொன்ன மாதிரி யோசிச்சேன், அதுவா வந்துச்சு. எழுதி முடிச்சுப் படிச்சப்பதான் எனக்கே திக்குன்னுச்சு. கிழிச்சுப்போடலாமான்னு பாத்தேன். மனசு வரலீங்க."

அதை அவள் முழுசாக நம்பவில்லை. ஆனால் காட்சியையும் கிழிக்கவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினாள். அன்பு எழுதியதில், நிஜப் பாக்ஸைப் பார்த்ததும் ஆராயி புருஷனை எழுப்பிக் கேட்டுவிடுகிறாள். அப்படி உடனே கேட்க வராது என்று அக்சிலியாவுக்கு இப்போது தெரியும். முதலில் அவன் சட்டையை எடுத்து முகர்ந்து பார்க்கட்டும், இரண்டு நாள் பேசாமல் சோறு போடட்டும், பிறகு கேட்கட்டும் என்று எழுதினாள்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பண்ணையில் படம் எடுத்தார்கள். ஆராயியாக நடித்த மலர்விழி, கனவில் எப்படி நடக்கவேண்டும் என்று கேட்டாள். "கனவுன்னே நெனைக்காத. தினமும் அடுக்கற மாதிரி அடுக்கு" என்றாள் அக்சிலியா.

படம் முடிந்ததும் முதலில் பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் போட்டுக் காட்டினார்கள். முட்டை பிரிக்கிற மயிலம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் அன்பு அவளிடம், "அந்தக் கனவு புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டான்.

"கனவா?" என்றாள் அவள். "அது கெடக்குது சாமி. அவளுக்குத்தான் முன்னாலயே தெரியுமே."

அன்புவுக்கு முகம் விழுந்துவிட்டது. அக்சிலியாவுக்கு இதற்குமேல் எந்தப் பாராட்டும் வேண்டியிருக்கவில்லை.

மறுவாரம் டோனி சேலத்துக்கு நெஞ்சு டாக்டரைப் பார்க்கப் போனான். அவளுக்குப் பள்ளியில் பரீட்சை, கூடப் போகமுடியவில்லை. திரும்பி வந்து, "பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாருங்க டீச்சர்" என்று சிரித்தான்.

"சீட்டைக் குடுங்க" என்றாள்.

கொடுத்தான். வாசற்படியில் வெளிச்சத்துக்குப் போய், டாக்டரின் கிறுக்கலை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவன் சொன்னதுதான் இருந்தது. தாளைத் திருப்பி, பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்தாள்.