கல்லூரிக்கே முன்பணம் கொடுத்தவர்

சிவராஜ் அன்று நடந்த நடையில் ஏகாம்பரநாதர் கோயில் தேருக்கே வழிவிடத் தோன்றியிருக்கும். பட்டுத் தறி நெய்யும் அவர், இருபது வருஷமாக முதலாளியிடம் முன்பணம் வாங்கி வாங்கியே கூன் விழுந்தவர். இன்று ஒரு கல்லூரியே அவரிடம் முன்பணம் வாங்கிவிட்டது! அதுவும் மூன்று மாடிக் கட்டடம், வாசலில் காவல்காரர் வைத்திருக்கும் கல்லூரி.

நேராக வேல்முருகனின் கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்து, செல்போனை மேசைமேல் வைத்தார். திரையில் மகள் சங்கீதா ஹாஸ்டலிலிருந்து எடுத்து அனுப்பிய ரசீதுப் படம். பாதி ரசீது, பாதி அவள் கட்டைவிரல்.

"வேலு, இந்தக் கட்டணத்தைக் கட்டுப்பா. இன்னிக்குத்தான் கடைசி நாளாம். பத்தொம்போதாயிரம்."

"எங்க காட்டுண்ணா." வேல்முருகன் படத்தை விரலால் பெரிதாக்கினான். "கல்விக் கட்டணம் அம்பதாயிரம், லேப் ஆறாயிரம், பரீட்சை மூவாயிரம், காப்புத் தொகை ஐயாயிரம், நூலக டெபாசிட் ரெண்டாயிரம். ஆக அறுபத்தாறாயிரம். முதல் தவணை நாப்பது கட்டியாச்சு. மீதி இருபத்தாறு ஆவுதே?"

"அதுல டெபாசிட் ஏழாயிரம் திரும்ப வர்ற காசுன்னு நீதானே நேத்து படிச்சி சொன்னே?"

"ஆமா."

"திரும்ப வர்ற காசை எதுக்குக் கட்டணும்? கழிச்சிட்டேன்."

வேல்முருகன் மறுபடியும் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தான். சிவராஜுக்கோ பெருமை தாங்கவில்லை.

"நம்ம முதலாளி இன்னா செய்றாரு? முன்பணம் குடுப்பாரு, அப்புறம் ஒவ்வொரு புடவைக் கூலியிலயும் புடிச்சிக்குவாரு. இப்ப காலேஜு நம்மகிட்ட டெபாசிட்டுன்னு முன்பணம் வாங்குது, நான் கட்டணத்துல புடிச்சிக்கினேன். அப்போ முதலாளி யாரு?"

"நீங்கதாண்ணா" என்றான் வேல்முருகன் பரிதாபமாக, சங்கீதாவுக்குப் போன் போட்டுக்கொண்டே.

ஸ்பீக்கரில் மகளின் குரல் பாய்ந்து வந்தது. "இன்னாப்பா, கட்டியாச்சா? ரசீதுல கீழே தேதி இருக்குது பாருங்க."

"எங்க? அங்க உன் விரல்தான் இருக்குது."

"விரலுக்கு அடியில இருக்குதுப்பா! இன்னிக்கு ராத்திரிக்குள்ள கட்டலன்னா ஒரு நாளைக்கு நூறு ரூபா ஃபைன். ஒரு ரூபா பாக்கி இருந்தாலும் ஹால் டிக்கெட் வராது. அடுத்த வாரம் எனக்குப் பரீட்சை."

"அந்த ஏழாயிரத்தை நான் கழிச்சிட்டேம்மா."

அந்தப் பக்கம் "ஐயோ!" என்று ஓர் அலறல் கிளம்பியது. விடுதியே இடிந்து விழுந்ததோ என்று சிவராஜ் பயந்துபோனார்.

"அப்பா, அது இப்ப கழிக்கிற காசு இல்ல. காலேஜு கையில வெச்சிருக்கும். நான் மூணு வருஷம் முடிச்சி, லேப்லயும் லைப்ரரிலயும் எதுவும் பாக்கி இல்லன்னு கையெழுத்து வாங்கினாத்தான் திருப்பித் தருவாங்க. நீங்க முதலாளியை விட்டு வேற எடத்துக்குப் போனா, மொத்தத்தையும் பைசல் பண்ணிட்டுத்தான போவணும்? இது அப்படித்தான்."

"நடுவுல அந்தக் காசுல அவங்க கை வெக்க மாட்டாங்களே?"

"நான் எதாச்சும் உடைச்சா, புக்கைத் தொலைச்சா புடிச்சிக்குவாங்க."

"கல்விக் கட்டணம்?"

"அது போனது போனதுதான். லேப் கட்டணமும் அப்படியே. காப்புத் தொகையும் லைப்ரரி டெபாசிட்டும் மட்டும்தான் திரும்பும்."

சிவராஜின் கூன் பழைய இடத்துக்கே வந்துசேர்ந்தது. ஏழாயிரம் அவர் சட்டைப் பையில் இல்லை. காலையில்தான் மனைவி கலாவதியின் கையில், "காலேஜு குடுத்த பணம், வெச்சிக்கோ" என்று அரசரைப் போல அள்ளிக் கொடுத்திருந்தார். கேட்டுத் திருப்பி வாங்குவதைவிட, காவல்காரரைத் தள்ளிக்கொண்டு கல்லூரிக்குள் நுழைவது சுலபம்.

"ஃபைனு நூறுதான வேலு? நாளைக்குக் கட்டினா?"

"ஹால் டிக்கெட்டுண்ணா!"

வீட்டுக்குப் போனார். தறிக்குழிக்கருகே நின்று, நாலு வார்த்தை பேச நாற்பது முறை தொண்டையைச் செருமினார். அவர் சொன்னதையெல்லாம் கலாவதி கேட்டுக்கொண்டாள். கணவருக்கு முன்னால் நடந்து சென்டருக்கு வந்து, தன்னிடமிருந்த ஏழாயிரத்தை அவருடைய பத்தொன்பதாயிரத்தோடு சேர்த்து எண்ணி மேசைமேல் அடுக்கினாள்.

"கட்டுப்பா. இருபத்தாறும் சரியா இருக்குதா பாரு."

வேல்முருகன் கட்டினான். திரையில் பாக்கி பூஜ்யம் என்று வந்தது. சிவராஜுக்கு உயிர் வந்தது, நாக்கும் கூடவே வந்தது.

"மூணு வருஷம் கழிச்சி வர்ற அந்த ஏழாயிரம்..."

"என் கைக்கு வரணும்" என்றாள் கலாவதி. பிறகு செல்போனைப் பிடுங்கி மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஏமா, லேப்ல எதையும் தொடாதே. கையைக் கட்டிக்கினு தூரமா நின்னு பாரு."

"அம்மா, நான் படிக்கிறதே கெமிஸ்ட்ரி!"

"உங்கப்பா இருபது வருஷமா தறியைத் தொடுறாரு, இன்னா கிழிச்சாரு? நீ தூரமாவே நில்லு!"