வெட்டிய வரிகள்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. நான்கு வரியை வெட்டினேனா, ஐந்தா என்பதில் தொடங்கும் சந்தேகம் அது. அன்று மழை பெய்தது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பழைய இதழை எடுத்துப் பார்த்தபோது, அந்த வாரம் முழுக்க வெயில் என்று எங்கள் பத்திரிகையே எழுதியிருந்தது.

நான் ஒரு வார இதழில் உதவி ஆசிரியர். மற்றவர்கள் எழுதியதைத் தட்டச்சு செய்வது, திருத்துவது, பக்கத்தில் பொருந்தும்படி குறைப்பது என் வேலை. அக்கா, பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எங்களுக்கு வாரம் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தாள். கோடு போட்ட தாளில் கையால்தான் எழுதுவாள். நான் தட்டச்சு செய்தபின் அந்தத் தாள்கள் மேஜைக்கடியில் சேரும். மாதக் கடைசியில் பழைய பேப்பரோடு போய்விடும்.

அந்த வாரம் அவள் எழுதியது ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றி. அவளுடைய பழைய தலைமை ஆசிரியை அங்கே இருந்தார். பார்க்கப் போனவள் அங்கே கண்டது பொறுக்காமல் திரும்பினாள். பிறகு சுகாதார அலுவலகத்துக்கு நடந்து, அந்த இல்லத்தைப் பற்றிய சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் எழுதினாள்.

பக்கம் முடிகிற நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தது. இடம் வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் கை தானாகச் செய்கிற ஒரு காரியம் உண்டு: எண்களை வெட்டு, சூடான வரியை விட்டு வை. வாசகனுக்கு எண் பிடிக்காது. நடுவில் எண்கள் இருந்த சில வரிகளை வெட்டி எடுத்தேன். கடைசி வரி அப்படியே நின்றது: ‘இதை நடத்துபவர் முதியவர்களைப் பராமரிக்கவில்லை; மெல்ல மெல்லக் கொன்றுகொண்டிருக்கிறார்.’

இதழ் வந்த காலையில் அக்கா போன் செய்தாள்.

“டேய், நடுவுல இருந்தது எங்கடா?”

“இடம் இல்லக்கா.”

“பேப்பர்ல இடம் இல்லையா, உன் மண்டையில இடம் இல்லையா?”

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஏழு வாரம் கழித்து, அந்த இல்லத்தை நடத்துபவரிடமிருந்து எங்கள் பத்திரிகை ஆசிரியருக்கும் அக்காவுக்கும் அவதூறு வழக்கு நோட்டீஸ் வந்தது. பத்திரிகையின் வக்கீல் ஒரே அமர்வில் விஷயத்தை முடித்தார். மன்னிப்பு போட்டுவிடலாம். ‘வெளியான செய்தி உண்மைக்குப் புறம்பானது’ என்ற அந்த மன்னிப்பையும் நானே தட்டச்சு செய்தேன். அதற்கு இடம் இருந்தது.

அக்கா கையெழுத்துப் போடவில்லை.

“பொய்யின்னு எழுதச் சொல்றாங்க. பொய் இல்லையே.”

அதனால் வழக்கு அவள் ஒருத்தி மேல் மட்டும் தொடர்ந்தது. தோற்றால் அவள் வீடு போகும். ஜெயித்தால், எழுதியது எழுதியதாகவே நிற்கும். அவளுக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிந்தது.

அவளுடைய வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுகிறவர்.

“ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு, சொன்னது உண்மைன்னு நிரூபிக்கணும். அறிக்கையில ராத்திரிக்கு நாப்பது பேருக்கு ஒரே பணிப்பெண்ணுன்னு இருக்கு. சரி. ஆனா நீங்க எழுதினது ‘கொல்றார்’னு. ஆள் குறைவுன்னு நிரூபிச்சா, கொல்றார்னு நிரூபிச்சதா ஆகாது.”

“நான் என்ன, கத்தி எடுத்துக் குத்தினார்னா சொன்னேன்? அது ஒரு ஆதங்கம் சார். படிக்கிறவங்களுக்குத் தெரியாதா?”

“அதுதான் ரெண்டாவது வழி. நியாயமான விமர்சனம். பொதுவிஷயத்துல, உண்மையான தகவலை வெச்சு, மனசார நம்பி, காட்டமாக் கருத்து சொல்லலாம். சட்டம் தடுக்காது. ஆனா எந்தத் தகவலை வெச்சு சொல்றீங்கன்னு படிக்கிறவனுக்குத் தெரியணும். அப்பதான் அவன், ‘இது இந்தம்மாவோட கருத்து’ன்னு எடுத்துப்பான். அச்சானதுல தகவலே இல்லையே. மொட்டையா நிக்குது. மொட்டையா நின்னா அது கருத்து இல்ல, குற்றச்சாட்டு.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

“நான் எழுதிக் கொடுத்ததுல இருந்துச்சு சார்.”

“அந்தத் தாள் எங்க?”

நான்தான் சொன்னேன்: “பழைய பேப்பர்ல போயிடுச்சு. தட்டச்சுலயும் வெட்டினதுதான் இருக்கு.”

வக்கீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “அப்ப தம்பிதான் தாள். இவங்க தகவலோடதான் கொடுத்தாங்க, எடுத்தது நான்தான்னு இவர் கூண்டுல சொன்னா, அச்சான வடிவத்துக்கு இவங்க பொறுப்பில்லன்னு வாதாடிப் பார்க்கலாம். வேற ஒண்ணும் நம்ம கையில இல்ல.”

சாட்சி சொன்னால் வேலை இருக்காது என்று ஆசிரியர் கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்கிறேன் என்றேன்.

முதலில் இல்லத்துக்காரர் சாட்சி சொன்னார். அரக்கனை எதிர்பார்த்துப் போயிருந்தேன். சட்டைக் கையைத் திரும்பத் திரும்பக் கீழே இழுத்துவிட்டுக்கொள்ளும் சாதாரண மனிதர். “என் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்து, ‘அப்பா, நீ தாத்தா பாட்டியெல்லாம் கொல்றியா’ன்னு கேட்டா” என்றார். சட்டைக் கையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குழந்தையை நாங்கள் இருவருமே நினைத்துப் பார்த்ததில்லை.

பிறகு நான் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பெண். கேலியே இல்லாத குரல்.

“அக்கா மேல பாசமா?”

“ஆமா.”

“அவங்களுக்காகப் பொய் சொல்லுவீங்களா?”

“மாட்டேன்.”

“நம்பறேன். நீங்க எடுத்த வரிகள்ல என்ன இருந்துச்சு?”

“நாற்பது பேருக்கு ஒரு பணிப்பெண்ணுன்னு. சோதனை அறிக்கையில அப்படி இருக்குன்னு.”

“அறிக்கையை நீங்களும் படிச்சிருக்கீங்களா?”

“வழக்கு வந்த பிறகு. வக்கீல் ஆபீஸ்ல.”

“எத்தனை தடவை?”

“நிறைய தடவை.”

“அப்ப இந்த ‘நாற்பது’, உங்க அக்கா கையெழுத்துல பார்த்த நாற்பதா? இல்ல, பின்னாடி அறிக்கையில பார்த்த நாற்பதா?”

நான் கண்ணை மூடி அந்தத் தாளைப் பார்க்க முயன்றேன். கோடு தெரிந்தது. நீல மை தெரிந்தது. அக்கா போடுகிற நீளமான சுழி தெரிந்தது. எண் இருந்த இடத்தில் அறிக்கையின் தட்டச்சு எழுத்துதான் வந்து நின்றது. மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

“எண் இருந்துச்சு. எண்ணாலதான் வெட்டினேன். என்ன எண்ணுன்னு... நிச்சயமாச் சொல்ல முடியல.”

“அறிக்கைன்ற வார்த்தை?”

“இருந்துச்சுன்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்க.”

“ஆமா.”

வெளியே நீண்ட வராந்தாவில் அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் வண்ணம் உரிந்திருந்ததை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஒரு வார்த்தைதானேக்கா. இருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம்.”

“தெரியாததைத் தெரியும்னு சொல்லியா? அப்புறம் நான் எதுக்குடா கையெழுத்துப் போடாம இருந்தேன்?”

பிறகு சுவரைப் பார்த்தபடியே, வேறு யாருக்கோ சொல்வது போல, “ஆனா நான் எழுதினதை நீ படிச்சதானே?” என்றாள்.

“படிச்சேன்னுதான் நினைக்கிறேன்.”

அவள் தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தீர்ப்பில் நீதிபதி அவளைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அவள் மனசார நம்பித்தான் எழுதியிருப்பாள், பொதுநலம் சார்ந்த விஷயத்தில் கடுமையாகப் பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதினார். ஆனால் வாசகர் கையில் கிடைத்ததில் தகவல் இல்லை. அது முதலில் இருந்து, பிறகு நீக்கப்பட்டது என்பதும் திருப்தியாக நிரூபிக்கப்படவில்லை. வெறும் குற்றச்சாட்டாக நிற்கும் அந்த வரி உண்மை என்றும் காட்டப்படவில்லை. இழப்பீடும் வழக்குச் செலவும் தரவேண்டும், அந்த வரியை மறுபடி எங்கும் வெளியிடக் கூடாது.

அக்கா வீட்டை விற்றுவிட்டு இரண்டு அறை வாடகை வீட்டுக்குக் குடிபோனாள். அவள் பிறகு எதுவும் எழுதவில்லை. சாமான் பட்டியல்கூட என்னைத்தான் எழுதச் சொல்கிறாள். தலைமை ஆசிரியை அடுத்த வருடம் அதே இல்லத்தில் காலமானார். எண்பத்தேழு வயது, அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. இல்லம் நடக்கிறது. இல்லத்துக்காரரின் மகள் வேறு பள்ளிக்குப் போகிறாளாம். பத்திரிகையில் இப்போது யார் பெயரும் குறிப்பிட்டு எதுவும் எழுதுவதில்லை, விற்பனை குறையவில்லை. நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன்.