வெளியே வந்தால்தானே தெரியும்

ஆஸ்பத்திரியில் வந்து படுத்த பிறகும் அம்மா திருந்தவில்லை. காலையில் ஆபரேஷன், இனிமா கொடுத்து கழிப்பறைக்கு அனுப்பியிருக்கிறார்கள், போனவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அரை மணி நேரமாக வெளியே வரவில்லை. நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என்னங்க பண்றாங்க உள்ள?" என்று கேட்டாள். அது தெரிந்தால் மகள் ஏன் கதவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்.

மகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். இன்றைக்கு லீவு போட்டு, வேறு ஆளைப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி வேனை ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறாள். அம்மாவுக்கு மூலம் என்று ஊரில் உள்ள களிம்பையெல்லாம் தடவியாகிவிட்டது. போன வருஷம் வேறொரு டாக்டர் ரப்பர் வளையம் மாட்டினார். நாலு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். கடைசியில் இந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரல் விட்டும் குழாய் வைத்தும் பார்த்துவிட்டு, மூலம் இருக்கிறது, வெட்டி எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். இதோடு தொல்லை விட்டது என்றுதான் மகள் நினைத்திருந்தாள்.

"அம்மா, திறக்கப் போறியா இல்லையா?"

"இரு, உள்ள தள்ளிட்டு வர்றேன்."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதை?"

"அதான், எப்பவும் வர்றது. கையால அமுக்கினாப் போயிடும்."

"எப்பவும்னா?"

"தினமுந்தான். முக்கினா வரும். நீ போய் அந்தப் பக்கம் நில்லு."

போய் நிற்பதா? தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லி மகள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அம்மா கதவைத் திறந்தாள். மகள் குனிந்து பார்த்தாள். அம்மாவின் பின்புறம், ஆசனவாயிலிருந்து, ஒரு முஷ்டி அளவுக்குச் சிவப்பாக, ஈரமாக, ஒரு தசை வெளியே தொங்கியது. அந்த நேரத்திலும் அம்மா, "கதவைச் சாத்துடி, யாராவது பாத்துடப் போறாங்க" என்றாள்.

"யாராவது பாத்திருந்தா இந்தக் கதிக்கு வந்திருப்போமா? டாக்டர் பாத்தாங்களா இதை?"

"அவங்க முன்னால எப்படி வரும்? நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப நல்லாத் தள்ளிவிட்டு, சுத்தமாக் கழுவிட்டுத்தானே போவேன். டாக்டருக்கு முன்னால அலங்கோலமா நிக்க முடியுமா?"

மகளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடித்துக்கொள்ளாமல் நர்ஸைத் தேடி ஓடினாள். திரும்பி வருவதற்குள் அம்மா நறுவிசாக எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, கை கழுவி, புடவையைச் சரிசெய்து, கட்டிலில் கை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா வந்தார். ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் இழுத்துவிட்ட எரிச்சல் முகத்தில் தெரிந்தது. மகள் பார்த்ததைச் சொன்னாள். டாக்டரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தனித்தனி உருண்டையா இருந்துச்சா, இல்ல சுத்தி சுத்தி வளையமா மடிப்பு இருந்துச்சா?"

மகளுக்கு எங்கே அதையெல்லாம் கவனிக்க நேரம்? அவள் முழிக்க, அம்மா வாயைத் திறந்தாள். "வளையந்தான். சட்டைக் கையை உள்ளிருந்து புரட்டி வெளியே இழுத்தா மடிப்பு விழும்ல, அந்த மாதிரி." முப்பது வருஷமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள், எதைச் சொன்னாலும் துணியில் கொண்டுபோய் நிறுத்துவாள்.

"எனக்குக் கண்ணால பாக்கணும்" என்றார் டாக்டரம்மா. "படுத்தா உள்ள போயிடும். கமோடுல உக்காந்து முக்குங்கம்மா. இதை நான் முதல்லயே பண்ணச் சொல்லியிருக்கணும்."

அம்மா போனாள். உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக நாள் தவறாமல், வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்து நின்ற அது, வேண்டும் என்றதும் வரமாட்டேன் என்றது. வெளியே டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு நின்றார், நர்ஸ் சுவரைப் பார்த்தாள், தியேட்டரிலிருந்து வந்த ஆள் ஸ்ட்ரெச்சர் வண்டியைப் பிடித்தபடி, இன்னும் எவ்வளவு நேரம் என்று கண்ணாலேயே கேட்டான்.

"வருதாம்மா?" என்றாள் மகள்.

"எல்லாரும் காத்துக்கிட்டு நின்னா எப்படி வரும்? அவனைப் போகச் சொல்லு."

வண்டிக்காரன் போனான். டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். மகள் கடவுளே என்று சுவரில் சாய்ந்தாள். அப்புறம் உள்ளேயிருந்து, "வந்துருச்சு" என்று குரல் வந்தது. மிஷினில் ஊசி கோத்து முடித்த திருப்தி அதில் இருந்தது. "தள்ளிடாதம்மா" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

டாக்டரம்மா உட்கார்ந்து பார்த்தார். நிமிர்ந்தபோது எரிச்சல் போய் வேறு ஏதோ முகத்தில் இருந்தது.

"மூலம்னா உள்ள இருக்கற ரத்தக்குழாய் மெத்தை வீங்கிச் சரியறது. உருண்டை உருண்டையா, நடுவுல பிளவு வெச்ச மாதிரி இருக்கும். இது மலக்குடலே வளையமா, மொத்தமா புரண்டு வெளிய வந்துருக்கு. மலக்குடல் இறக்கம். மூலமும் கொஞ்சம் இருக்கு, நான் பாத்தது அதை. அதை வெட்டியிருந்தா காயந்தான் மிச்சம், இது அப்படியே வந்துக்கிட்டு இருந்திருக்கும்."

"அப்ப இன்னைக்கு?"

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல. இதுக்கு வேற ஆபரேஷன். வயித்து வழியா போய் குடலை மேல இழுத்து, பின்னால எலும்போட தைச்சு நிறுத்தணும். அதுக்கு முன்னால சில டெஸ்ட் இருக்கு. அதுவரைக்கும் முக்கவே கூடாது, மலம் இளக மருந்து தர்றேன். எப்பவாவது உள்ள போகாம நின்னுட்டா, இல்ல நிறம் கறுத்தா, உடனே ஓடி வந்துடணும்."

"தைக்கறதா?" அம்மாவுக்கு முதல் தடவையாக ஆர்வம் வந்தது. "நூலு கெட்டியா இருக்குமா?"

"இருக்கும்மா." டாக்டரம்மா எண்ணெய் தடவிய விரலால் மெல்ல, நிதானமாக அதை உள்ளே அமுக்கிக் காட்டினார். பிறகு கேட்டார். "ஈரம் கசியுதா? அடக்க முடியாம போகுதா?"

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் பார்வையை விலக்கிக்கொண்டாள். போன வருஷம் அம்மா உட்கார்ந்து எழுந்த வேன் சீட்டில் கறை பட்டிருந்ததும், குழந்தைகள் உட்காரும் இடம் என்று இவள் கத்தியதும், அன்றிலிருந்து அம்மா எங்கே போனாலும், நடந்தால் உடம்புக்கு நல்லது என்று நடந்தே போனதும் ஞாபகம் வந்தது. வீம்பு பிடித்த கிழவி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வீம்பு இல்லை, இந்த இழவுதான் காரணம். ஆனாலும் கோபம்தான் முன்னால் வந்தது.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள், வேறு ஆளிடம் விட்டிருந்த வேனைத் திரும்ப வாங்கி வாசலுக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தாள். அம்மா உட்காருவதற்கு முன், பையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து சீட்டில் நாலாக மடித்து விரித்தாள். மகள் அதைப் பிடுங்கிப் பின்னால் எறிந்தாள்.

"சும்மா உக்காரு."

"கறை படும்டி."

"படட்டும். கழுவிக்கறேன்."

அம்மா மெல்ல உட்கார்ந்து, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வண்டி கிளம்பி, முதல் திருப்பம் தாண்டியது.

"கழுவினாப் போயிடும்னா, அன்னைக்கு எதுக்கு அந்தக் கத்து கத்தினே?" என்று கேட்டாள் அம்மா.