ஏழு மணி முதல் ஏழரை வரை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணியிலிருந்து ஏழரை வரை தவிர, கூரை வேலைக்காரன் தோப்ரி பேசுவது அவன் மனைவி இக்லிகாவின் காதில் விழாது. அவள் பேசுவதும் அவன் காதில் விழாது. இருவருக்கும் காது நன்றாகவே இருந்தது. டான்யூப் ஆற்றில் போகும் சரக்குப் படகின் சங்கு கேட்டது, மூன்று வீடு தள்ளி யாராவது தும்மினால் கேட்டது, நடுவில் மேஜையைப் போட்டு உட்கார்ந்தால் ஒருவர் பேச்சு மட்டும் மற்றவருக்குக் கேட்கவில்லை. எழுதிக் காட்டினால் தாள் வெள்ளையாகிவிடும். பக்கத்து வீட்டார் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லப் போனால் அவர்கள் வாய் அசையுமே தவிர சத்தம் வராது. முதல் மாதம் ஊரே வேலியோரம் வந்து நின்று பார்த்தது. பிறகு குடமிளகாய் சுட்டு ஜாடியில் அடைக்கும் காலம் வந்தது, எல்லோரும் அவரவர் அடுப்புக்குப் போய்விட்டார்கள்.

இதற்கெல்லாம் காரணம் மகள் ஸ்விலேனா போனில் வைத்த நினைவூட்டல். அவள் வெளிநாட்டில், வலென்சியாவில், ஓட்டல் அறைகள் துடைக்கிறவள். அப்பனும் அம்மாவும் தட்டுகளை உடைத்துக்கொள்ளும் சேதி அங்கே வரைக்கும் போகவே, அவளே பணம் கட்டி வீடின் நகரத்தில் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் கல்சேவா அம்மாளிடம் இருவரையும் அனுப்பினாள். அந்த அம்மாள் சொன்ன வழி எளியது. வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே நேரம், அரை மணி. டிவி அணைந்திருக்க வேண்டும், மேஜையில் சாப்பாடு கூடாது. முதலில் ஒருவருக்கொருவர் ஒரு நல்லதைச் சொல்ல வேண்டும். அது அந்த வாரத்தில் நடந்ததாக, கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும், வாலில் ‘ஆனால்’ ஒட்டக் கூடாது. அதன்பின் வரப்போகும் வாரத்தில் யாருக்கு என்ன வேலை என்ற பேச்சு. கடைசியில் வீட்டு முடிவுகள்: யார் செய்வது, எந்த நாளுக்குள் என்பது வரை. முடியாதது அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப் போகும். ஸ்விலேனா அதை முடிவு தேதி இல்லாமல் வாராவாரம் வரும்படி பதிந்து, இருவர் போனுக்கும் அழைப்பு அனுப்பி, பத்து நிமிடம் முன்னால் மணி அடிக்க வைத்தாள். இருவரும் ‘சரி’யை அழுத்தினார்கள்.

நான்காவது ஞாயிறு டிவியில் பந்தாட்டம் இருந்தது. மணி அடித்ததும் தோப்ரி ஒத்திப்போட்டான். மறுபடி அடித்ததும் நீக்கினான். இது மட்டுமா, இனி வருவது எல்லாமா என்று போன் கேட்டது. இது மட்டும் என்று அழுத்திவிட்டு, “கொஞ்சம் பீர் எடுத்துட்டு வா” என்றான். இக்லிகா அசையவில்லை. அவனைத் திட்டுவதற்கு அவள் வாயைத் திறந்தாள், அவனும் திரும்பவில்லை. அன்றிலிருந்துதான்.

அரை மணிக்குள்ளும் ஒரு கட்டு இருந்தது. இருவரும் உண்மையான ஒரு நல்லதைச் சொன்னால்தான் மீதிப் பேச்சு கேட்கும். “நீ நல்ல பொம்பளை” என்று தோப்ரி சொன்னான், கேட்கவில்லை. “சமையல் நல்லா இருந்துச்சு” என்றான், அதுவும் கேட்கவில்லை. “செவ்வாக்கிழமை பீன்ஸ் சூப்ல புதினா போட்டியே” என்றபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். இப்படியே இரண்டு வருடம் விறகு வாங்கினார்கள், பன்றி வளர்த்தார்கள், கிணற்று மோட்டாரை மாற்றினார்கள். அந்தத் தெருவில் அவர்கள் வீடு மாதிரி ஒழுங்காக நடந்த வீடு வேறில்லை.

நாளாக ஆக, இக்லிகா நல்லதையே சாட்டையாக்கிக்கொண்டாள். “இந்த வாரம் ஒரு தடவை, சொல்லாமலே, நீயா வாசக் கதவச் சாத்தினே,” என்பாள். “புதன்கிழமை குடிக்காம வந்தே. தெருவே பாத்துச்சு.” எல்லாம் உண்மை, அதனால் தெளிவாகக் கேட்டது. தோப்ரி கூரையில் ஓடு மாற்றிக்கொண்டே வாரம் முழுக்க ஒரு நல்லதைத் தேடுவான். கிடைத்தாலும் கொடுக்க மனம் வராது.

மூன்றாம் குளிர்காலத்தில் இக்லிகாவின் கைக்குட்டையில் ரத்தம் தெரிந்தது. அவள் தனியாக வீடின் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள், பிறகு ஒரு பையைக் கட்டிக் கதவோரம் வைத்தாள். தோப்ரி பார்த்தான். வைத்தியம் என்றால் காசு, காசு என்றால் ஆற்றோரத் திராட்சைத் தோட்டம். பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தது. அது அவன் அப்பா நட்ட கொடி.

அந்த ஞாயிறு ஏழு மணிக்கு இக்லிகா, “படியில பனி உருக உப்பு போட்டே, நான் வழுக்கல,” என்றாள். பிறகு காத்திருந்தாள். தோப்ரியிடம் சொல்ல ஒன்று இருந்தது. வியாழன் இரவு, இருமலோடு எழுந்தவள், அவன் காலிலிருந்து விலகிக் கிடந்த போர்வையை இழுத்து மூடியிருந்தாள். தூங்குவது போல் கிடந்து பார்த்திருந்தான். அதைச் சொன்னால் அவள் பேசுவாள், பேசினால் தோட்டத்தைக் கேட்பாள். வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். ஏழரை ஆனது.

சாராயக் கடை பென்கோ அவன் முன்னால் கிளாஸை ஓங்கி வைத்தான். “டேய், ஊர்க் கூரையெல்லாம் ஏறுறே, ஒரு நல்ல வார்த்தைக்கு நாக்கு ஏறலையாக்கும்? அவ என்ன கேக்குறான்னு தெரியுமாடா? அவ...” அதற்குமேல் வாய்தான் அசைந்தது.

“தெரியும். தோட்டத்துக்கு அலையுறா,” என்றான் தோப்ரி. “இன்னொண்ணு ஊத்து.”

பென்கோ தலையில் அடித்துக்கொண்டான், கையை ஆட்டினான், மேஜையில் விரலால் என்னமோ வரைந்தான். ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த ஞாயிறும் தோப்ரி வாய் திறக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பக்கத்து வீட்டு ரொசித்சா, நான் கூட வருகிறேன், கிளம்பு என்று இக்லிகாவை அழைத்தாள். “எனக்குன்னு ஒருத்தன் இருக்கானில்ல,” என்றாள் இக்லிகா. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பை கதவோரமே இருந்தது. மாசி பிறக்கும் முன் அவள் செத்தாள்.

அடக்கம் வெள்ளிக்கிழமை. ஸ்விலேனா வந்தாள், அப்பனிடம் ஒரு வார்த்தை பேசாமல் சனிக்கிழமையே திரும்பினாள். ஞாயிறு ஏழுக்குப் பத்து நிமிடம் முன்னால் இரண்டு போனும் அடித்தன. தோப்ரி டிவியை அணைத்தான், மேஜையைத் துடைத்தான், உட்கார்ந்தான். ஏழு மணிக்கு எதிர் நாற்காலியில் இருந்து இக்லிகாவின் குரல் வந்தது, சளி இல்லாமல், பழைய குரல். “குழியோரம் தொப்பியக் கழட்டினே. குளிர்ல காது சிவந்துபோச்சு, அப்பவும் போடல.”

அவன் போர்வையைச் சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை, அது இந்த வாரத்தது இல்லை. திங்களிலிருந்து ஒவ்வொரு நாளாகத் தேடிப் பார்த்தான். ஏழு இருபது இருக்கும்.

“இந்த வாரம் நீ தோட்டத்தக் கேக்கல,” என்றான். “அது நிம்மதியா இருந்துச்சு.”

அது உண்மை. கேட்டது. அவள் உயிரோடு இருந்தபோது தள்ளிப் போனதெல்லாம் உடனே வரிசையாக வந்தது.

“வர்ற வாரம்: செவ்வாக்கிழமை சோபியாவுல ஆப்பரேஷன். கோழிய ரொசித்சா பாத்துக்குவா. வீட்டு முடிவு ஒண்ணுதான். காசு ஸ்விலேனா கட்டிட்டா, தோட்டத்துல கை வைக்க வேண்டாம், உங்கப்பா கொடி அப்படியே இருக்கட்டும். பஸ்ஸுல எனக்குப் பயமா இருக்கு. நீ கூட வந்து பைய மட்டும் பிடிச்சுக்கணும். வர்றியா?”

“வர்றேன்,” என்றான் தோப்ரி.

“எந்தச் செவ்வாக்கிழமை?”

அவன் போன செவ்வாய்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். நாள் சொல்லாதது முடிவு ஆகாது. ஏழரை ஆனது, அது அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப் போனது.

இப்போது ஏழாவது வருடம். தோட்டம் நன்றாகக் காய்க்கிறது. ஸ்விலேனா அந்த நினைவூட்டலை எடுக்கவில்லை, அவனும் எடுக்கச் சொல்லவில்லை. இக்லிகாவின் போனுக்கும் சார்ஜ் போட்டு வைக்கிறான். ஞாயிறு மாலை இரண்டு போனும் சேர்ந்து அடிப்பது தெரு முழுக்கக் கேட்கும். ரொசித்சா அதைக் கேட்டுத்தான் கோழிகளை அடைக்கிறாள். ஏழு இருபது வாக்கில், எந்தச் செவ்வாக்கிழமை என்று இக்லிகா கேட்பது சன்னல் வழியே வரும். எங்கள் பிள்ளைகள் சூப்பை உறிஞ்சிக்கொண்டே, ஏழரை ஆக இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, அப்புறம் டிவியில் ஆட்டம் பார்க்கலாம் என்பார்கள்.