பதின்மூன்றாம் வாரம்

பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை சுகுணா டீச்சர் பதினான்கு வாரங்களாகப் பிரித்திருந்தாள். பன்னிரண்டு வாரம் பாடம், பதின்மூன்றில் திருப்புதல், கடைசியில் தேர்வு. தேயிலை விலை விழுந்ததிலிருந்து அரவேணுவில் பாதி வகுப்பு கூலிக்குப் போனது, திருப்புதல் அவர்களுக்காகத்தான்.

தலைமையாசிரியர் வேலுசாமி அதைச் சிவப்பு மையால் அடித்தார். "அந்த வாரமே பரீட்சை வையுங்க. பொதுத்தேர்வுக்குப் பேர் அனுப்பறதுக்குள்ள ஃபெயிலானவங்களுக்கு டி.சி. குடுத்துட்டா, நமக்கு நூறு பர்சன்ட்டுங்க."

சுகுணா அட்டவணையைப் புதுத் தாளில் அழகாக மாற்றி எழுதிக் கொடுத்தாள்.

ஒன்பது பேர் தோற்றார்கள். அவர்களில் ஒருத்தியான ரேணுகாவின் அம்மா வந்து அழுதாள். "திருப்புதல்ல புடிச்சுக்கலாம்னு நீங்கதானுங்க டீச்சர் சொன்னீங்க."

டி.சி.யில் காரணம் கேட்டிருந்த இடத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதிவிட்டு, சுகுணா கைநாட்டு மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.