லூர்தம்மாள் பேரில் ஓடிய வருஷங்கள்

"முப்பது நாள் தாண்டிப்போச்சேன்னு அழாதீங்க இருதயம்மா. முதல்ல இந்த டீயைக் குடிங்க."

சிங்காநல்லூரில் பேக்கரிக்கு மேலே இருந்த தொழிற்சங்க அலுவலகத்தில் அப்துல் குத்தூஸ் இப்படிச் சொன்னபோது, இருதயம்மாள் அழவில்லை. மூச்சுதான் வாங்கியது. மாடிப்படி ஏறி வந்திருந்தாள். நாற்பத்திரண்டு வருஷம் பஞ்சுத் தூசியைக் குடித்த நெஞ்சு.

"அழுவலீங்க பாய். திருமலைசாமி சார்தானுங்க இன்னைக்கு வா, நாளைக்கு வான்னாரு. தீபாவளி நோம்பி முடியட்டும்னாரு. ஆடிட்டரு வரட்டும்னாரு. கடைசியா போனப்ப, முப்பது நாளைக்குள்ள எழுதிக் கேட்டிருக்கோணும், இனி சட்டத்துல எடமில்லைன்னு சொல்லிப்போட்டாரு."

"அவர் சொல்லுவாரு. மில்லு மேனேஜர் வேற எப்படிச் சொல்லுவாரு?" குத்தூஸ் தாளை எடுத்தார். "பணிக்கொடை, அதான் கிராஜுவிட்டி, அதைக் கேட்டு முப்பது நாளைக்குள்ள விண்ணப்பம் குடுக்கோணும், சரிதான். ஆனா தக்க காரணம் இருந்தா பின்னாடியும் எடுத்துக்கோணும். தேதி தாண்டிப்போச்சுங்கிற ஒரே காரணத்துக்காகப் பணம் செத்துப்போகாது. இழுத்தடிச்சதே அவரு. அதையே காரணமா எழுதுவோம். நீங்க கேட்டாலும் கேக்காட்டியும் முப்பது நாளைக்குள்ள கணக்குப் போட்டுக் குடுக்க வேண்டியது மில்லோட கடமை. தவறினா வட்டியும் சேரும்."

"எனக்கு உண்டுங்களா?"

"அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை செஞ்ச யாருக்கும் உண்டு. கடைசியா வாங்குன அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து இருபத்தாறால வகுத்து, பதினஞ்சால பெருக்கி, அதை வருஷத்தால பெருக்கோணும். நாப்பத்திரண்டு வருஷம்னு சொன்னீங்க, உங்களுக்கு மூணு லட்சத்துக்குப் பக்கமா வரும்."

இருதயம்மாள் மனசுக்குள் உடனே ஒரு வீட்டைப் பார்த்தாள். கிணத்துக்கடவில், சர்ச்சுக்குப் பின்னால், ஓட்டு வீடு. போக்கியத்துக்கு ரெண்டு லட்சம் கேட்கிறார்கள். ஓய்வு பெற்ற மாசமே மில்லு லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புருஷன் தாமஸ் செத்து மூன்று வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. தொண்டாமுத்தூரில் அக்கா லூர்தம்மாள் வீட்டில், ஆட்டுப்பட்டி ஓரத்து அறையில், அவளுடைய மூட்டைகள் கிடந்தன. அக்கா வா என்று சொன்னாளே தவிர, இரு என்று சொல்லவில்லை.

"எப்பச் சேந்தீங்க?"

"பதினாறு வயசுல."

"பேரு?"

இருதயம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அப்ப லூர்தம்மாளுங்க."

குத்தூஸின் பேனா நின்றது.

அந்தக் காலத்தில் அது பெரிய விஷயமே இல்லை. பதினெட்டு ஆகாத பெண்ணுக்கு மில்லில் வேலை இல்லை. அக்காவுக்குப் பத்தொன்பது. அக்காவின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தாள் அம்மா. மேஸ்திரிக்குத் தெரியும், ஆபீஸுக்குத் தெரியும். நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் பாதிப் பெண்கள் அப்படி வந்தவர்கள்தான். லைனில் எல்லோரும் இருதயம் என்று கூப்பிட, சம்பளம் மட்டும் லூர்தம்மாள் பேரில் வந்தது. ஆதார் கேட்டபோதுதான் சிக்கல். இரண்டாயிரத்துப் பதினேழில் திருமலைசாமி ஒருநாள் லூர்தம்மாளுக்கு ஓய்வு கொடுத்து, மறுநாள் இருதயம்மாளைப் புதிதாகச் சேர்த்தார். மிஷினும் அதேதான், நிற்கிற இடமும் அதேதான்.

"பிஎஃப்?"

"அக்கா பேங்குக்கு வந்துச்சுங்க. ஒத்த ரூவா குறையாம என்ற கையில குடுத்துப்போட்டா. தாமசுக்கு வைத்தியம் பாத்தது அதுலதான்."

"நல்ல அக்கா," என்றார் குத்தூஸ். ஆனால் முகம் தெளியவில்லை.

பதிவுத் தபாலில் கோரிக்கை போனது. பதில் சீக்கிரமே வந்தது. இருதயம்மாளின் பணி ஆறு வருஷம்தான், அதற்குரிய தொகை தரப்படும். அதற்கு முந்தைய காலம் லூர்தம்மாள் என்ற வேறொரு தொழிலாளியுடையது, அவருக்கு அப்போதே முழுப் பணிக்கொடையும் கொடுத்துக் கணக்கு முடிக்கப்பட்டது.

"குடுத்தாச்சுங்கறானே, யாருக்குக் குடுத்தான்?" என்றாள் இருதயம்மாள்.

குத்தூஸ் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அதை உங்க அக்காவைத்தான் கேக்கோணும். ஆறு வருஷப் பணத்தை வாங்கிக்கோங்க, மீதி உரிமையை விட்டுக்குடுக்கலைன்னு எழுதிக்குடுத்துட்டு. இந்த மறுப்பு வந்ததிலிருந்து தொண்ணூறு நாளைக்குள்ள தொழிலாளர் உதவி ஆணையர்கிட்ட மனுப் போடோணும். தாண்டினாலும் காரணம் காட்டிக் கெஞ்சலாம். ஆனா நாம எதுக்குக் கெஞ்சோணும்?"

"பேரு மாத்தி வேலை செஞ்சது தப்புன்னு தள்ளிப்போட மாட்டாங்களா?"

"அந்தத் தப்புக்காக உங்களை வேலையை விட்டு நீக்கினாங்களா? இல்லையே. நீக்காதவரைக்கும் அதைச் சொல்லிப் பணிக்கொடையைப் புடிக்க முடியாது. ஆனா அத்தனை வருஷம் நின்னது நீங்கதான்னு நிரூபிக்கோணும். கூட வேலை செஞ்சவங்க வருவாங்களா?"

"உள்ள இருக்கறவங்க வர மாட்டாங்க பாய். வெளிய வந்தவங்க முக்காவாசி மண்ணுக்குள்ள."

"அப்ப அக்காதான்."

ஆறு வருஷத்துப் பணம் வந்தது, தாமசின் ஆஸ்பத்திரிக் கடனுக்கே போனது. கிணத்துக்கடவு வீட்டுக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டு, பிறகு செய்வதை நிறுத்திக்கொண்டார்.

லூர்தம்மாள் சின்ன வெங்காயத்துக்கு வால் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூலிக்கு வாங்கி வந்த மூட்டை. இருதயம்மாளும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனக்கா, மில்லுல உனக்குப் பணம் குடுத்தாங்களா?"

கத்தி நிற்கவில்லை. "குடுத்தேனே. பிஎஃப் காசு."

"அது இல்ல. வேற."

"உங்க பாய் சொன்னானாக்கும்?"

"அக்கா."

"நாப்பதாயிரம்." லூர்தம்மாள் வெங்காயத்தை முறத்தில் எறிந்தாள். "கவர்ல வெச்சுக் குடுத்தான் அந்தத் திருமலைசாமி. முழுசும் வாங்கிக்கிட்டேன்னு ஒரு தாள்ல கையெழுத்து. தங்கச்சிகிட்டச் சொல்லாதீங்க, சொன்னா ரெண்டு பேருமே கள்ளப் பேருக்கு ஜெயிலுக்குப் போவீங்கன்னான். கூரைக்குப் புது ஓடு போட்டேன். நீ படுத்திருக்கியே அந்த ரூம்பு, அதுக்கு மேல இருக்கறது அந்தக் காசுதான்."

இருதயம்மாள் கத்தியைத் தரையில் போட்டாள். "என்ற உழைப்பு அக்கா அது."

"என்ற பேரு அம்மணி அது." லூர்தம்மாள் இப்போதுதான் நிமிர்ந்தாள். "முப்பத்தாறு வருஷம் என்ற பேரை உடுத்திக்கிட்டுத் திரிஞ்சியே, ஒரு நாளாச்சும் வாடகை குடுத்தியா? என்ற ஊட்டுக்காரரு செத்தப்போ மூணு புள்ளைகளோட நான் அதே மில்லு கேட்டுல போய் நின்னனே, நெனப்பிருக்குதா? லூர்தம்மாள்தான் ஏற்கெனவே உள்ள வேலை செய்யறாளேன்னு வாட்ச்மேன் சிரிச்சான். என்ற பேர்ல நீ உள்ள இருந்தே. நான் எப்படி உள்ள வாரது? அன்னைலிருந்து அடுத்தவன் தோட்டத்துல காட்டுவேலை. யானை வர்ற காட்டுல இருட்டோட போய்த் தக்காளி பொறுக்குனது யாரு, உங்க திருமலைசாமியா?"

"நான் உன்னைத் தடுக்கலையே அக்கா."

"தடுக்கல. நகரவும் இல்ல."

வெங்காயக் காரத்தில் இருவர் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. எது எதனால் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இருதயம்மாள் சொன்னாள்: "எனக்கு ஊடு இல்லக்கா. மூச்சு நிக்கறதுக்குள்ள சொந்தமா ஒரு கதவைச் சாத்திக்கிட்டுப் படுக்கோணும். நீ வந்து சொன்னாத்தான் நடக்கும்."

"நான் வந்து, களவாணின்னு என்னை நானே சொல்லோணும்?"

"உண்மையைச் சொன்னாப் போதும்."

"ரெண்டும் ஒண்ணுதானே எனக்கு." அக்கா முறத்தைப் புடைக்க ஆரம்பித்தாள். ராத்திரி சோறு மட்டும் போட்டாள்.

மனுவைக் கெடுவுக்குள் போட்டார்கள். அக்காவுக்குச் சம்மன் அனுப்பும்படி கேட்கலாமா என்று குத்தூஸ் கேட்டபோது, கீழே பேக்கரியில் பன் எடுக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்றால் தலைக்கு மேல் அக்காவின் கூரை இருக்கும், சாகிறவரை. வேண்டும் என்றால் அதுவும் போகும்.

"அனுப்பச் சொல்லுங்க," என்றாள்.

விசாரணை அன்று லூர்தம்மாள் தனியாகத்தான் வந்தாள். மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தாள். மில்லு சார்பில் திருமலைசாமி வந்திருந்தார், கையில் கோப்போடு. அவளைப் பார்த்து, "சௌக்கியமாம்மா? சம்மன் வந்துச்சாட்டிருக்குது. பயப்படாம நீங்கதான் வேலை செஞ்சதாச் சொல்லுங்க, யாருக்கும் கெடுதல் இல்லை," என்றார் தணிந்த குரலில். லூர்தம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை.

உதவி ஆணையர் ரசீதைக் காட்டினார். "இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமாங்க."

"இதுல எழுதியிருக்கிற தொகையை வாங்குனீங்களா?"

"இல்லீங்க. நாப்பதாயிரம் குடுத்தாங்க. தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சுக் காட்டலீங்க."

"மில்லுல எந்தப் பிரிவுல வேலை செஞ்சீங்க?"

இருதயம்மாள் குனிந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அந்த மில்லுக் கேட்டைத் தாண்டி உள்ள போனது ஒரே ஒரு தடவைங்க. இதுல கையெழுத்துப் போட. வேலை செஞ்சது அதோ உக்காந்திருக்கிறாளே, அவ. என்ற தங்கச்சி. ஏழைன்னு சொல்லித் தப்பிக்கல நானு. எனக்குச் சேராத காசுன்னு தெரிஞ்சேதான் வாங்குனேன். அது சேராதுன்னு அவருக்கும் தெரியும்ங்க." திருமலைசாமியை ஒரு விரலால் காட்டினாள். "எழுதிக்கோங்க."

திருமலைசாமி எழுந்து எதையோ சொல்ல ஆரம்பித்தார். அதிகாரி கை காட்டி உட்கார வைத்தார்.

வெளியே வராந்தாவில் இருதயம்மாள் ஓடிப்போய் அக்காவின் முந்தானையைப் பிடித்தாள். "அக்கா..."

"உடு." லூர்தம்மாள் முந்தானையை இழுத்துக்கொண்டாள். "கேட்டதைச் செஞ்சுபோட்டேன். மவன் மருமவ முன்னால நான் இனி எந்த மூஞ்சியோட நிப்பேன்னு தெரியல. சாயந்தரம் வந்து உன்ற துணிமணியை எடுத்துக்க. நான் காட்டுல இருப்பேன். சாவி ஜன்னல்ல இருக்கும்."

பஸ்ஸில் ஏறியவள் ஜன்னல் பக்கம்கூட உட்காரவில்லை.

உத்தரவு வர மழைக்காலம் ஆகிவிட்டது. அதற்குள் இருதயம்மாள் சரவணம்பட்டியில் ஐடி கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் பாத்திரம் துலக்கி, அங்கேயே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டிருந்தாள். குத்தூஸ் போனில் கூப்பிட்டு வரச் சொன்னார்.

"ஜெயிச்சாச்சு இருதயம்மா. முதல் நாள்லிருந்து கடைசி நாள் வரைக்கும் ஒரே பணின்னு எழுதியிருக்காரு. தப்பான ஆளுக்குக் குடுத்தது குடுத்ததாகாதாம். முப்பத்தாறு வருஷத்துக்கும் உங்க கடைசிச் சம்பளத்துக் கணக்குல, வட்டியோட."

"எப்பக் கைக்கு வருமுங்க?"

"மில்லு அப்பீல் போறாங்க. அறுபது நாள் அவகாசம் இருக்குது. ஆனா முழுத் தொகையையும் கட்டிட்டுத்தான் போக முடியும். அதனால பணம் எங்கயும் ஓடாது."

"நான் ஓடிக்கிட்டிருக்கேனுங்களே," என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி நிற்க நேரமானது.

குத்தூஸ் மேஜையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "உத்தரவு நகலைப் பதிவுத் தபால்ல உங்களுக்கும் அனுப்பியிருக்காங்க. மனுவுல குடுத்திருந்த தொண்டாமுத்தூர் விலாசத்துக்கு. திரும்பிப்போச்சு. அப்புறம் நானே ஆபீசுல போய் வாங்கினேன்."

கவரின் மேல் தபால்காரர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அப்படி ஒருத்தர் இங்கே குடியில்லை என்று வீட்டார் சொன்னதாக.

"அப்பீல் நோட்டீஸ் வரும். உங்க புது விலாசத்தைக் குடுத்திரலாம். சொல்லுங்க."

அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருக்கிற இடத்துக்கு எந்தக் கதவு எண்ணைச் சொல்வது? ஹாஸ்டல் அம்மா, தபால் கிபால் எதுவும் இங்கே வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"என்ற பேரைப் போட்டு," என்றாள் இருதயம்மாள், "இந்த ஆபீசு விலாசத்தையே எழுதிக்கிறீங்களா பாய்? நான் வந்து வந்து கேட்டுக்கிறேன்."