மூன்று மீனும் ஒரு பரிசலும்

ஜவ்வாது மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆஸ்மா கணக்கு டீச்சர். சொந்த ஊர் வாணியம்பாடி. கல்யாணமாகி நாலு வருடம் பிள்ளை இல்லை என்று முதல் கணவர் விலகிப்போன பிறகு, மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு மலைக்கு வந்தவள். அதே பள்ளியில் வேலை பார்க்கும் கலைவாணியோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தாள். முப்பத்தாறு வயதில் மறுபடியும் ஒரு சம்பந்தம் வரும் என்று அவள் நினைத்திருக்கவே இல்லை.

வந்தவர் பெயர் அதீப். ஆலங்காயத்தில் செருப்புக் கடை. மனைவியை இழந்தவர். பெண் பார்க்க வந்த அன்று அதிகம் பேசவில்லை. "வேலைய விடணும்னு நான் சொல்ல மாட்டேங்க. பஸ்ஸு இருக்குது, போய்ட்டு வரலாம்" என்று மட்டும் சொன்னார். ஆஸ்மாவுக்கு அவரைப் பிடித்ததா இல்லையா என்றே தெரியவில்லை. தெரியாததால் இஸ்திகாரா தொழுதாள். ஒரு காரியத்தில் எது நல்லதோ அதை எனக்கு இலேசாக்கு என்று இறைவனிடம் கேட்கும் தொழுகை அது. தொழுதுவிட்டுப் படுத்தவளுக்கு விடியும் நேரத்தில் கனவு வந்தது.

மலையில் இல்லாத அளவுக்கு அகலமான ஆறு. அதில் ஒரு சின்னப் பரிசல். உள்ளே அவள் மட்டும். துடுப்பு இல்லை. தண்ணீரிலிருந்து மீன்கள் துள்ளி வந்து அவள் மடியில் விழுந்தன. மூன்று வரை எண்ணினாள். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. பரிசல் எந்தக் கரைக்கும் போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தத்தில் விழித்துக்கொண்டாள்.

காலையில் அடுப்பங்கரையில் கலைவாணியிடம் சொன்னாள். கலைவாணி தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மீனு உசுரோட இருந்திச்சா, செத்துக் கெடந்துச்சா?"

"துள்ளிச்சு."

"தண்ணி?"

"தெளிவா இருந்துச்சு."

"அப்ப நல்லதுங்க டீச்சர். உசுரு மீனு மடியில வுழுந்தா வயித்துல புள்ள தங்கும்னு எங்க பக்கம் சொல்வாங்க. செத்த மீனுன்னாதான் கெட்டது. அதுவும் விடியக்காலத்துக் கனவு, சீக்கிரம் பலிக்கும். முதல் சாமத்துல வந்தா வருசம் ஆவும்." கொஞ்சம் யோசித்தாள். "ஆத்தத் தாண்டினீங்கதான?"

"இல்ல."

கலைவாணியின் முகம் மாறியது. "தாண்டியிருந்தா கஷ்டம் போச்சுன்னு அர்த்தம். நடு ஆத்துல நின்னா, எடுத்த காரியம் முடியாதும்பாங்க."

பிள்ளை வரும், ஆனால் காரியம் முடியாது. இதில் எதைப் பிடித்துக்கொள்வது? பிள்ளை என்ற சொல் அவளைக் கூடுதலாகக் குத்தியது. அன்று கரும்பலகையில் ஒரே கணக்கை இரண்டு தடவை தப்பாகப் போட்டாள்.

மத்தியானம் வாணியம்பாடியிலிருந்து அக்கா ஷாஹீன் போன் செய்தாள். ஆஸ்மா கனவைச் சொன்னதும் அக்கா கனவுப் பலன் புத்தகத்தை எடுத்துவந்து வாசித்தாள்.

"எண்ண முடியாத மீன்னா செல்வம். எண்ணிக்கை தெரிஞ்சு நாலுக்குள்ள இருந்தா பொம்பளைங்களாம். நீ மூணு எண்ணினியே! அந்தாளுக்கு வேற யாராச்சும் இருக்காங்களோ இன்னாவோ?"

"அக்கா, அது கனவு காண்ற ஆம்பளைக்குச் சொன்னதா இருக்கும். அப்புறம் எண்ண முடியாமப் போச்சுன்னும் சொன்னேனே."

"எதுக்கும் விசாரிச்சிடலாம். கப்பல் படகுன்னா தப்பிச்சுக்கிறதுன்னு வேற போட்டிருக்குது. எதுலருந்து தப்பிக்கணும் நீ?"

அக்கா வீட்டுக்காரர் ஹுசைஃபா ஆலங்காயத்துக்குப் போய் நாலு கடையில் விசாரித்தார். அதீப்பைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. ஆனால் விசாரித்த விஷயம் அன்றே அதீப் காதுக்குப் போய்விட்டது.

ஆஸ்மா வெட்கத்தில் குன்றிப்போனாள். சொந்த ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"கனவு மூணு வகைம்மா. அல்லாஹ்கிட்டருந்து வர்ற நல்ல கனவு, ஷைத்தான் பயமுறுத்துறது, மனசு தனக்குத்தானே பேசிக்கிறது. உன்னோடது எதுன்னு நான் எப்படிச் சொல்வேன்? ஒரே கனவுக்கு ரெண்டு பேருக்கு ரெண்டு பலன் வரும், ஆளோட நிலைமையப் பாக்கணும். அதனாலதான் கண்டவங்ககிட்ட கனவச் சொல்லாதேங்கிறாங்க."

"அப்ப இஸ்திகாராவுக்குப் பதில்?"

"அதுக்குக் கனவு வரணும்னே இல்ல. தொழுதுட்டு ஒரு பக்கம் அடியெடுத்து வை. நல்லதுன்னா வழி லேசாவும். இல்லன்னா தன்னால அடைபடும்."

அவளுக்குக் குழப்பம் கூடியது. எந்தப் பக்கம் என்பதுதானே கேள்வி.

அந்த வாரம் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்ல பிரியதர்ஷினி என்ற உளவியலாளர் பள்ளிக்கு வந்திருந்தார். வகுப்புகள் முடிந்ததும் ஆஸ்மா தயங்கித் தயங்கி அவரிடம் போனாள்.

"மீனுக்கு இதுதான் அர்த்தம்னு எங்க படிப்புல அகராதி கிடையாதுங்க" என்றார் பிரியதர்ஷினி. "முந்தின நாள் பாத்தது கேட்டதுகூட கனவுல கலந்து வரும். மீன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?"

யோசித்தாள். "அவரு பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அக்கா வீட்டுல மதியம் மீன் குழம்பு. முள்ள எடுத்து எடுத்துத் தட்டு ஓரமா வச்சிக்கிட்டே இருந்தேன். யார்கிட்டயும் பேசல."

"பரிசல்?"

"பசங்களக் கூட்டிட்டு ஏரிக்குப் போயிருந்தோம். படகுல ஏறப் பயந்து நான் கரையிலயே நின்னுட்டேன்."

"கனவுல பரிசல் சுத்தினப்ப பயமா இருந்துச்சா?"

இதுவரை யாரும் ஆஸ்மாவிடம் இதைக் கேட்கவில்லை. "இல்லைங்க" என்றாள் மெதுவாக. "சுகமா இருந்துச்சு. எந்தக் கரையும் வேணாம்னு இருந்துச்சு."

"தனியா இருக்கிறது உங்களுக்குப் பிடிச்சிருக்கலாம். மறுபடி அடிபடுவோமோன்னு பயந்து நடுவுல நிக்கிறதாவும் இருக்கலாம். ரெண்டுல எதுன்னு கனவு சொல்லாது. முழிச்சிருக்கும்போது உங்களுக்கு என்ன தோணுதுன்னு கவனிங்க."

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அதீப்பே மலைக்கு வந்துவிட்டார், கூடவே சங்கடத்தோடு ஹுசைஃபாவும். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஹுசைஃபா தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

"என்னப் பத்தி விசாரிக்கிறது தப்பில்லைங்க" என்றார் அதீப். குரலில் வருத்தம் இருந்தது. "இன்னா கேக்கணுமோ என்னையே கேட்டிருக்கலாம்."

ஆஸ்மா மறைக்கவில்லை. கனவையும், மூன்று மீனையும், அக்காவின் புத்தகத்தையும் சொன்னாள். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"அந்தப் பரிசல்ல நான் இருந்தேனா?"

"இல்லைங்க."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நானும் இஸ்திகாரா தொழுதேன். எனக்குக் கனவே வரல. அசந்து தூங்கிட்டேன். மனசு கலங்காமத் தூங்கினதே நல்ல பதில்தான்னு நெனச்சிக்கிட்டேன்." பிறகு எழுந்தார். "உங்களக் கட்டாயப்படுத்த வரல. இந்த பஸ்லயே கிளம்புறேன். எதுவா இருந்தாலும் நீங்களே சொல்லுங்க, வேற யார் மூலமாவும் வேணாம்."

பஸ் உறுமியது. அவர் படியில் கால் வைத்தார். ஆஸ்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. இதற்குப் பலன் சொல்ல எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை.

"அடுத்த பஸ்ல போலாமே" என்றாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதீப் இறங்கினார். "சரின்னு அர்த்தமா?"

"தெரியலைங்க. எனக்குப் பயமாதான் இருக்குது. புள்ள பொறக்குமான்னும் தெரியாது."

"எனக்கும் எதுவும் தெரியாது" என்றார் அவர். "பொறக்கலன்னாலும் நான் எங்கயும் போவ மாட்டேன். உக்காருங்க. டீ ஆறிப்போச்சு, வேற சொல்றேன்."

பொதுத்தேர்வு முடிந்த பிறகு நிக்காஹ் நடந்தது. கனவு பலித்ததா என்று கலைவாணி கேட்டாள், ஷாஹீனும் கேட்டாள். இருவரிடமும் "எனக்கே தெரியல" என்று ஆஸ்மா சிரித்தாள். பள்ளி திறந்ததும் ஆலங்காயத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் மலையேறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஒன்றும் புரியாமலும் இருந்தது.